மரத்துருச்சா சார்?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பல் மருத்துவம் படிக்கிற ஒரு மாணவன் வாழ்க்கையில முதன்முதலா ஒரு பல்லைப் பிடுங்கின கதை இது. எம்பிபிஎஸ் படிச்ச உனக்கு எப்படி இவ்வளவு விவரமா தெரியும்னு கேட்டீங்கன்னா, பதில் ரொம்ப சிம்பிள்.

அந்தப் பல் என்னோடது.

கீழ்த்தாடையில இடது பக்கம், கடைவாய்ப் பற்களுக்கு முன்னாடி இருக்கிற பல். நாலு வருஷத்துக்கு முன்னாடி அடைச்சது. அடைச்சது பாதியில விழுந்துடுச்சு. "அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கலாம்"னு நான் தள்ளிப்போட்ட அடுத்த வாரங்கள் கிட்டத்தட்ட எழுபது இருக்கும். ஓபியில தினமும் மத்தவங்களுக்கு "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க"னு கேட்கிற ஆளு நான். ஒருநாள் வறுத்த கடலை சாப்பிடும்போது பல்லோட மேல்பகுதி உடைஞ்சு கையோட வந்துடுச்சு. ஈறுக்குக் கீழே வரைக்கும் போன உடைசல். வேர் சிகிச்சை பண்ணி மேல தொப்பி போடக்கூட மிச்சம் பிடிமானம் இல்லை.

அப்ப ஒரு வாரப் பயிற்சிக்காக நகரத்துக்கு வந்திருந்தேன். பக்கத்துலயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி. காலையில போய் எல்லாரையும் போல ஓபி சீட்டு போட்டு வரிசையில நின்னேன். தொழில்னு கேட்ட இடத்துல "அரசு வேலை"ன்னு சொன்னேன். பொய் இல்லையே.

டாக்டர்னு சொல்லியிருந்தா பேராசிரியர் யாராவது வந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சு அனுப்பியிருப்பாங்க. சொல்லாததுக்குப் பெரிய கொள்கை எல்லாம் காரணம் இல்லை. இவ்வளவு நாள் பல்லைக் கவனிக்காம விட்டதுக்கு அசிங்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சைப் பிரிவுல நாற்காலியில உட்கார வெச்சாங்க. வந்தது மூணாம் வருஷ மாணவன். ஒல்லியான தம்பி. வெள்ளை கோட்டு தோள்ல ஒரு சைஸ் பெருசு. கையுறையைப் போடும்போதே ஒண்ணு கிழிஞ்சது. அடுத்தது எடுத்தான்.

பின்னாடி நின்ன மேம் மெதுவா கேட்டாங்க. "இது உனக்கு எத்தனையாவதுப்பா?"

"முதல் கேஸ் மேம்." எனக்குக் கேட்கக் கூடாதுன்னு நினைச்சு சொன்னான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

மேம் என் முன்னாடி வந்து நின்னு, "சார், இந்தத் தம்பி இன்னிக்குத்தான் முதல் தடவை பண்றார். நான் பக்கத்துலயே இருப்பேன். உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா நானே பண்றேன்"னு நேரடியா சொன்னாங்க. இதை எத்தனை இடத்துல சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும், அதனால எனக்கு அங்கயே மரியாதை வந்துடுச்சு. "தம்பியே பண்ணட்டும்"னு சொன்னேன்.

தம்பி மனப்பாடம் பண்ணின வரிசையில கேள்வி கேட்டான். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, இதய நோய் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, முன்னாடி பல் எடுத்தப்ப ரத்தம் நிக்காம இருந்துச்சா, ஊசிக்கு அலர்ஜி உண்டா, காலையில சாப்பிட்டீங்களா. கடைசிக் கேள்வி முக்கியம்ங்க. வெறும் வயித்துல பயத்தோட வந்து உட்கார்ந்து, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழறவங்க நிறைய. நான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

அப்புறம் எக்ஸ்ரேவை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தான். சின்னக் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டு, நடுக்கோட்டுல இருந்து விரல் விட்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. 35 மேம்."

35னா முப்பத்தஞ்சாவது பல் இல்லை. வாயை நாலு பங்காப் பிரிச்சா கீழ் இடது பங்குக்கு நம்பர் 3. அதுல நடுவுல இருந்து அஞ்சாவது பல். அதான் 35. உடைஞ்ச பல் பார்த்தாலே தெரியுதே, எதுக்கு எண்ணணும்னு நினைப்பீங்க. ஒரே வாயில மூணு பல் உடைஞ்சிருக்கிற ஆளும் அந்த நாற்காலிக்கு வருவார். எண்ணற பழக்கம் அன்னைக்குக் காப்பாத்தும்.

அவன் எண்ணும்போது நான் வேற ஒண்ணைக் கவனிச்சேன். கண்ணாடியோட கைப்பிடி என் முன்பல்லுல பட்டு டிக் டிக் டிக்னு தட்டிக்கிட்டே இருந்துச்சு. கை நடுங்குது. அவனுக்கும் அது தெரியுது. கண்ணாடியை வெளியே எடுத்துட்டு, ஒரு தடவை மூச்சு விட்டுட்டு மறுபடியும் உள்ள விட்டான். டிக் டிக்.

மேம் ஒண்ணும் சொல்லலை. காலால நாற்காலியோட பெடலை மிதிச்சு என்னைக் கொஞ்சம் மேலே ஏத்தினாங்க. என் கீழ்ப்பல் வரிசை அவன் முழங்கை உயரத்துக்கு வந்துச்சு. "உன் மோதிர விரலை அவர் பல்லு மேல ஊன்றிக்கோ"ன்னாங்க. ஊன்றினான். டிக் டிக் நின்னுபோச்சு. நடுக்கம் போகலை, கைக்கு ஒரு தரை கிடைச்சுது.

இப்ப ஊசி.

மேல்தாடையில பல் எடுக்கிறது மயக்க ஊசியைப் பொறுத்தவரைக்கும் சுலபம். அந்த எலும்பு மெல்லிசு, பல்லுக்குப் பக்கத்துல மருந்தைப் போட்டா அதுவா ஊறி உள்ள போயிடும். கீழ்த்தாடை பின்பக்கத்துல எலும்பு கெட்டி. அங்க அந்த வித்தை பலிக்காது. அதனால தாடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே நரம்பைப் பிடிக்கணும். அது நுழையற ஓட்டை வாயோட பின்பக்கத்துல, தாடை எலும்பு மேலே ஏறுற இடத்துல, உள்பக்கமா இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரலால எலும்போட பள்ளத்தைத் தொட்டு, எதிர்ப்பக்கத்துப் பல்லு மேல இருந்து சாய்வா ஊசியை விட்டு, கிட்டத்தட்ட 2ல இருந்து 2.5 சென்டிமீட்டர் உள்ள போனா எலும்பு தட்டும். தட்டினதும் ஒரு மில்லிமீட்டர் பின்னாடி இழுத்து, ரத்தம் வருதான்னு உறிஞ்சிப் பார்த்து, மெதுவா மருந்தை விடணும். ஒரு நிமிஷமாவது ஆகணும். வெளிய வரும்போது பாதி வழியில நிறுத்தி நாக்கு நரம்புக்குக் கொஞ்சம்.

மருந்து 2 சதவீத லிக்னோகெய்ன், கூடவே அட்ரினலின். 2 மில்லி சிரிஞ்ச், நீளமான ஊசி.

தம்பி கட்டை விரலை வெச்சான். "சார், எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்"னான். (எறும்பு இல்லைங்க. ஆனா நானும் இருபது வருஷம் முன்னாடி எனக்கு யாரோ சொன்ன எறும்பைத்தான் இன்னிக்கு வரைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிட்டிருக்கேன்.) ஊசி போச்சு. சீக்கிரமே எலும்பு தட்டின மாதிரி எனக்குப் பட்டுச்சு. அவன் உறிஞ்சிப் பார்த்தான், மருந்தை விட்டான், வெளிய எடுத்தான். நெற்றியில வேர்வை. மேம் டிஷ்யூவால ஒத்தி எடுத்தாங்க.

அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். நான் நாற்காலியில. அவன் என் பக்கத்துல, தன் கைகளைப் பார்த்துக்கிட்டு. பின்னாடி அவன் பேட்ச் பசங்க நாலு பேர் எட்டிப் பார்த்துக்கிட்டு.

"மரத்துருச்சா சார்?"

என் நாக்கோட இடது பாதி ஜிவ்வுன்னு இருந்துச்சு. தடிச்ச மாதிரி. உதடு? உதடு சாதாரணமாத்தான் இருந்துச்சு. உதட்டு ஓரத்துல கொஞ்சம் ஏதோ இருக்கோ இல்லையோன்னு ஒரு சந்தேகம்.

நான் டாக்டர். நாக்கு நரம்பும் தாடை நரம்பும் வேற வேறன்னு எனக்குத் தெரியும். நாக்கு மரத்து உதடு மரக்கலைன்னா என்ன அர்த்தம்னு முதல் வருஷ அனாடமியிலயே படிச்சிருக்கேன். பல்லுக்குப் போற நரம்போட ஒரு கிளைதான் தாடையில இருந்து வெளிய வந்து உதட்டுக்குப் போகுது. உதடு மரக்கலைன்னா பல்லும் மரக்கலை.

ஆனா அந்தத் தம்பி முகத்தைப் பார்த்தேன். பின்னாடி அந்த நாலு முகம்.

"ம்ம், மரத்துருச்சு தம்பி"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். நல்ல பேஷன்ட்டா இருக்கணும்னு ஒரு ஆசை. அவன் முதல் ஊசி தப்பாப் போச்சுன்னு எல்லார் முன்னாடியும் நான் சொல்ல வேண்டாமேன்னு ஒரு இரக்கம். கொஞ்ச நேரத்துல மரத்துடும்னு ஒரு நம்பிக்கை. மூணும் கலந்து "ம்ம்"னு வந்துடுச்சு.

அவனுக்கு முகம் மலர்ந்துச்சு. அப்படியே ஃபோர்செப்ஸை எடுக்கப் போயிருக்கலாம். அவன் எடுத்தது கூரான ப்ரோப்.

"இடது உதடும் வலது உதடும் ஒரே மாதிரி இருக்கா, வித்தியாசமா இருக்கா சார்?"

கேள்வி மாறினதும் என்னால சட்டுன்னு பொய் சொல்ல முடியலை. "கொஞ்சம்..."னு இழுத்தேன்.

"கண்ணை மூடிக்கோங்க சார்." ப்ரோபால நாக்குப் பக்கத்து ஈறைக் குத்தினான். ஒண்ணும் தெரியலை. கன்னத்துப் பக்கத்து ஈறை, கோரைப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவுல குத்தினான். நாற்காலியில அரை அடி எகிறினேன்.

ஒரு நிமிஷம் அமைதி. பின்னாடி யாரோ சிரிப்பை அடக்கின சத்தம்.

தம்பி ப்ரோபை ட்ரேயில வெச்சான். குனிஞ்சு என் காது பக்கத்துல, ரொம்பத் தாழ்ந்த குரல்ல சொன்னான்.

"சார், எனக்காக மரத்துருச்சுன்னு சொல்லாதீங்க சார். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க."

நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மேம், பிளாக் பிடிக்கலை. நாக்கு மட்டும் மரத்திருக்கு"ன்னான்.

இந்த இடத்துல கதையைக் கொஞ்சம் நிறுத்தறேன். எனக்கு வேற ஒரு ஆள் ஞாபகம் வந்துட்டார்.

ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம். ராத்திரி ரெண்டு மணி கேஷுவாலிட்டி. அரிவாள் பட்டு உள்ளங்கை கிழிஞ்ச ஒரு பெரியவர். வெளிய இன்னும் ஆறு பேர் காத்திருக்காங்க. நான் காயத்து ஓரத்துல மருந்து போட்டேன். போட்ட கையோட ஊசி நூலை எடுத்துட்டேன். ரெண்டு மூணு நிமிஷம் நிற்கணும், குத்திப் பார்க்கணும். ரெண்டும் பண்ணலை. "வலிக்குதா தாத்தா?"ன்னு கேட்டேன். "வலிக்கல சாமி, நீங்க தைங்க"ன்னார். எனக்கு அந்தப் பதில் வசதியா இருந்துச்சு. தைச்சேன். நாலாவது தையல் போடும்போது தற்செயலா கீழே பார்த்தேன். அவரோட ரெண்டு கால் விரலும் உள்பக்கமா சுருண்டு, பாதம் விறைச்சுப் போய் இருந்துச்சு. முகம் மட்டும் அமைதியா இருந்துச்சு. அஞ்சாவது தையலுக்கு முன்னாடி மறுபடியும் மருந்து போட்டேன். அவர் கும்பிட்டுட்டுப் போனார்.

நான் அன்னைக்கு அவர்கிட்ட கேட்டது கேள்வியே இல்லை. "ஆமாம்னு சொல்லிடாதீங்க"ன்னு ஒரு கெஞ்சல். அரசு மருத்துவமனைக்கு வர்றவங்க டாக்டர் கோபப்படுவார்னு பயந்தோ, பாவம் சின்னப் பையன்னு இரங்கியோ நமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லிடுவாங்க. அந்தக் காலையில அந்த நாற்காலியில நானும் அதையேதான் பண்ணியிருக்கேன்.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

மேம் திட்டலை. "எலும்பு எப்ப தட்டுச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"சீக்கிரமே தட்டிடுச்சு மேம். ஊசி பாதிதான் உள்ள போச்சு."

"அப்ப நுனி எங்க நிக்குது?"

யோசிச்சான். "முன்னாடியே நின்னுடுச்சு. நரம்புக்கு இன்னும் பின்னாடி போகணும்."

"அப்ப சிரிஞ்சை என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் வெளிய இழுத்துட்டு, சிரிஞ்சோட பின்பக்கத்தை முன்பற்கள் பக்கமா நகர்த்தணும். நுனி பின்னாடி திரும்பும்."

இந்த பிளாக் அனுபவம் உள்ளவங்களுக்கே நூறில் 15, 20 தடவை முதல் முயற்சியில பிடிக்காதுன்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு. எலும்போட அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். அதனால பிடிக்காதது தப்பே இல்லை. பிடிக்காதது தெரியாம பல்லைப் பிடிக்கப் போறதுதான் தப்பு.

"இன்னொரு ஊசி போடலாமா? கணக்குச் சொல்லு"ன்னாங்க மேம்.

2 சதவீதம்னா ஒரு மில்லியில 20 மில்லிகிராம். முதல் 2 மில்லியில 40. இன்னொரு 2 மில்லி போட்டா 80. அட்ரினலினோட சேர்த்துப் போடும்போது கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரைக்கும் போகலாம். நான் 70 கிலோ. அப்ப 490. "நிறைய இடம் இருக்கு மேம்"னான். சத்தமா கணக்குப் போட்டு முடிச்சதுல அவன் குரல்ல இருந்த நடுக்கம் குறைஞ்சிருந்துச்சு. மேம் அதுக்காகத்தான் கேட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ரெண்டாவது ஊசி நல்ல ஆழமாப் போய் எலும்பைத் தட்டுச்சு. மூணாவது நிமிஷம் என் கீழுதடு இடது பாதி மட்டும் தோசைக்கல்லு மாதிரி கனமாச்சு. நடுக்கோட்டுல வந்து பட்டுன்னு நின்னுச்சு. கன்னத்துப் பக்க ஈறுக்குத் தனியா ஒரு சின்ன ஊசி. மறுபடியும் ப்ரோப். குத்தறான்னு கூடத் தெரியலை.

"சார், இனிமே வலி தெரியாது. ஆனா அழுத்தறது தெரியும், தள்ளறது தெரியும், சத்தம் கேட்கும். அதெல்லாம் இருக்கும். குத்தற மாதிரி, சுள்ளுன்னு தெரிஞ்சா இடது கையைத் தூக்குங்க. நான் நிறுத்திடுவேன்."

இதைச் சொன்னது ரொம்ப நல்லது. லிக்னோகெய்ன் வலியைக் கடத்தற மெல்லிய நரம்பிழைகளை முதல்ல நிறுத்தும். அழுத்தத்தைக் கடத்தற தடிச்ச இழைகள் ஓரளவு வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இது தெரியாத பேஷன்ட் அழுத்தம் தெரிஞ்சதும் மருந்து பிடிக்கலைன்னு பயந்துடுவார்.

முதல்ல மெல்லிய கருவியால பல்லைச் சுத்தி ஈறைப் பிரிச்சான். அப்புறம் எலிவேட்டரைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல விட்டு லேசாத் திருகினான். காதுக்குள்ள மரக்கதவு திறக்கிற மாதிரி ஒரு கிரீச். அடுத்து ஃபோர்செப்ஸ்.

இங்கதான் அவன் எல்லா முதல் தடவைக்காரனும் பண்றதைப் பண்ணினான். பிடிச்சதும் மேலே இழுத்தான். பல் அசையலை. வேகமா ஆட்டினான். உடைஞ்ச பல்லோட ஓரத்துல இருந்து ஒரு துணுக்கு தெறிச்சுது.

மேம் கை வந்து அவன் மணிக்கட்டு மேல உட்கார்ந்துச்சு. பிடிக்கலை, சும்மா வெச்சாங்க.

"பிடுங்காதே. எடு." (பல் டாக்டர் நண்பர்கள் நாம "பிடுங்கறது"ன்னு சொன்னா ஏன் கோபப்படறாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.) "மேல இல்லை, முதல்ல கீழ தள்ளு. ஃபோர்செப்ஸ் மூக்கு ஈறுக்கு உள்ள, வேரைப் பிடிக்கட்டும். உடைஞ்ச தலையைப் பிடிச்சா தலைதான் கையில வரும்."

கீழே தள்ளினான். என் தாடையே இறங்கற மாதிரி இருந்துச்சு.

"இடது கை எங்க?"

மறந்துட்டான். ஒரு விரல் பல்லோட கன்னத்துப் பக்கம், இன்னொண்ணு நாக்குப் பக்கம், கட்டை விரல் தாடைக்கு அடியில. அப்படித் தாங்கலைன்னா அந்த பலம் முழுக்க காதுக்கு முன்னாடி இருக்கிற தாடை மூட்டுல போய் விழும். பேஷன்ட் வீட்டுக்குப் போன பிறகு பல் வலியை விட்டுட்டு மூட்டு வலிக்கு வருவார். அதோட, எலும்பு விரியறதை உணர்றது அந்த விரல்கள்தான்.

"இப்ப கன்னத்துப் பக்கமா மெதுவா சாய். அப்படியே நிறுத்து. எண்ணு."

அவன் மனசுக்குள்ள எண்ணினான், நானும் எண்ணினேன். பத்து. ஒண்ணும் நடக்காத மாதிரிதான் இருந்துச்சு. உண்மையில அப்பத்தான் எல்லாம் நடக்குது. பல் எலும்புல ஆணி மாதிரி அறைஞ்சு வெச்சது இல்லை. சுத்தி மெல்லிய நார்கள் பிடிச்சிருக்கு. அழுத்தம் நின்னு நிதானமா இருந்தா நார்கள் அறும், குழியோட எலும்பு கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். வேகமா ஆட்டினா எலும்புக்கு விரிய நேரம் கிடைக்காது, வேர்தான் முறியும்.

"இப்ப நாக்குப் பக்கம். நிறுத்து. மறுபடி கன்னத்துப் பக்கம். இது ஒத்தை வேர், உருண்டையா இருக்கும். அதனால இப்ப லேசாத் திருகலாம்." எக்ஸ்ரேயில வேர் நேரா ஒண்ணே ஒண்ணா இருந்ததை அவங்க ஏற்கெனவே பார்த்து வெச்சிருந்தாங்க. ரெண்டு வேர், மூணு வேர் இருக்கிற கடைவாய்ப் பல்லுல இந்தத் திருகல் நடக்காது.

மூணாவது சாய்வுல அவன் கண் விரிஞ்சுது. "மேம், அசையுது."

"தெரியும். அவசரப்படாதே."

ரெண்டு திருகல். அப்புறம் மேல்பக்கமா, கன்னத்தை நோக்கி, ஒரு சின்ன அசைவு. பலமே இல்லை. பல் வெளிய வந்து ஃபோர்செப்ஸ்ல நின்னுச்சு. அவன் கையிலேயே இருக்குன்னு அவனுக்கு ரெண்டு செகண்ட் புரியலை.

பின்னாடி யாரோ கை தட்டினாங்க. மேம் ஒரு பார்வை பார்த்தாங்க. நின்னுபோச்சு.

"வேர் நுனியைப் பாரு."

வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தான். நுனி உருண்டு வழவழன்னு இருந்துச்சு. முறிஞ்சிருந்தா கூரா, தட்டையா, நடுவுல சின்ன ஓட்டையோட தெரியும். "முழுசா இருக்கு மேம்." குழியை உள்ள பார்த்து, தெறிச்ச துணுக்கு கிடக்குதான்னு தேடி எடுத்து, விரிஞ்ச எலும்பை ரெண்டு விரலால அமுக்கி, பஞ்சுத் துணியை மடிச்சு வெச்சுக் கடிக்கச் சொன்னான்.

அப்புறம் ஒப்பிக்க ஆரம்பிச்சான். அரை மணி நேரம் இறுக்கிக் கடிங்க. எச்சிலைத் துப்பாதீங்க, முழுங்குங்க. இன்னிக்கு முழுக்க வாய் கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரா வேண்டாம், பீடி சிகரெட் வேண்டாம். குழியில உறையற ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி, துப்பினா மூடி வந்துடும். நாளையில இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணி. வலி நாளுக்கு நாள் குறையணும். மூணாவது நாள் குறையாம அதிகமாகி காது வரைக்கும் இழுத்தா மூடி போயிடுச்சுன்னு அர்த்தம், தாமதிக்காம வாங்க. உதடு மரப்பு போக சில மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் சூடா எதுவும் வேண்டாம், உதட்டைக் கடிச்சுக்காதீங்க.

ஒரு வரி விடலை. நான் ஓபியில இத்தனை வருஷமா "துப்பாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டிருக்கேன். ஏன்னு சொன்னது கம்மி.

கிளம்பும்போது, வாயில பஞ்சோட, "தேங்க்ஸ் தம்பி"ன்னு ஏதோ ஒரு சத்தம் எழுப்பினேன். அவன் கேஸ் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். "முதல் பிளாக் பலன் தரவில்லை. மீண்டும் செலுத்தப்பட்டது"ன்னு முழுசா எழுதியிருந்தான். மேம் கையெழுத்துப் போட்டாங்க.

அடுத்த நாள் கேஷுவாலிட்டி டியூட்டி இருந்திருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. பயிற்சி முடிஞ்சு ஊருக்கு வந்த பிறகுதான் வாய்ப்பு கிடைச்சுது. கண்ணாடி குத்தின ஒரு அம்மா. மருந்து போட்டேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மூணு நிமிஷம் ஆனதும் "வலிக்குதா"ன்னு கேட்கலை. "கண்ணை மூடிக்கோங்கம்மா, எங்க தொடறேன்னு சொல்லுங்க, கூரா இருக்கா மொட்டையா இருக்கான்னு சொல்லுங்க"ன்னேன். "கூரா இருக்கு"ன்னாங்க. இன்னும் கொஞ்சம் மருந்து போட்டேன்.

பல் எடுத்த ஒரு வாரம் கழிச்சு, பயிற்சியோட கடைசி நாள், குழியைக் காட்டப் போனேன். அதே தம்பி. இப்ப கோட்டுக் கையை மடிச்சு விட்டிருந்தான். அதுக்குள்ள நாலு பல் எடுத்துட்டானாம்.

"வலி இருக்கா சார்?"

"சுத்தமா இல்லை தம்பி." இந்தத் தடவை நிஜம்.

"சரி சார்"னான். சொல்லிட்டு கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தான். "வாயைத் திறங்க, பார்த்துடறேன்."